இரவு மூன்று மணிக்கு வரும் 401

ஒரு மொத்த ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். பகலில் போட்ட பில்களெல்லாம் பிடிஎஃப் கோப்புகளாகக் கடைக் கணினியில் சேர்கின்றன. இரவு 2 மணிக்கு ஒரு புரோகிராம் தானாக ஓடி, அவற்றை கூகுள் டிரைவில் ஏற்றுகிறது. சாதாரண நாளில் 20 நிமிட வேலை. தீபாவளி வாரத்தில் இரண்டரை மணி நேரம் இழுக்கும். அந்த வாரம் பார்த்துத்தான் ஆடிட்டரிடமிருந்து போன் வரும்: "பாதி பில்லுதானே வந்திருக்கு, மீதி எங்க சார்?"

நெட் போகவில்லை, கரன்ட்டும் போகவில்லை. லாக் ஃபைலைத் திறந்தால் 3 மணியை ஒட்டி `401` என்று ஒரு வரி இருக்கும். உள்ளே விட அனுமதி இல்லை என்று டிரைவ் சொன்ன பதில் அது.

காரணம் இதுதான். கடைக்காரரின் கூகுள் பாஸ்வேர்டு இந்தப் புரோகிராமிடம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஓஆத் என்ற முறையில், அவர் ஒருமுறை திரையில் சம்மதம் கொடுத்ததும் கூகுள் இரண்டு டோக்கன்களைத் தருகிறது. ஒன்று அக்சஸ் டோக்கன். அலுவலக வாசலில் தரும் விசிட்டர் பாஸ் மாதிரி, ஒவ்வொரு கோப்பை ஏற்றும்போதும் இதைக் காட்ட வேண்டும். ஆயுள் ஒரு மணி நேரம். இன்னொன்று ரெஃப்ரெஷ் டோக்கன். புது அக்சஸ் டோக்கன் வாங்குவது ஒன்றுதான் இதன் வேலை. அக்சஸ் டோக்கன் திருட்டுப் போனாலும் திருடனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உதவாது. ஆயுளைக் குறைத்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

20 நிமிடத்தில் முடியும் நாட்களில் இந்த ஒரு மணி நேரக் கெடு யார் கண்ணிலும் படாது. பல புரோகிராம்கள் ஆரம்பத்தில் ஒரே ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு கடைசி வரை அதையே காட்டுகின்றன. 2 மணிக்கு வாங்கியது 3 மணிக்குச் செத்துவிடும். டோக்கனோடு கூகுள் அனுப்பும் பதிலில் `"expires_in": 3599` என்று இருக்கும். இன்னும் எத்தனை வினாடி செல்லும் என்ற கணக்கு இது. வாங்கிய நேரத்தோடு இதைக் கூட்டி, முடியும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கு முன்பும் இவ்வளவு பார்த்தால் போதும்:

```
if time.time() > expires_at - 300:
    refresh()
```

300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம் முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறோம். நம் கதையில் 2:55-க்குப் புது டோக்கன் வந்துவிடும். அப்படியும் `401` வந்தால் ஒரே ஒரு முறை ரெஃப்ரெஷ் செய்து, அதே கோப்பை மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டாவது முறையும் `401` என்றால் சிக்கல் வேறு. அங்கேயே நிறுத்திவிடுவது உத்தமம்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அடுத்த வாரம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் ரெஃப்ரெஷ் டோக்கனும் சாகும். கடைக்காரர் தன் கூகுள் கணக்கில் அனுமதியை ரத்து செய்தால் போய்விடும். ஆறு மாதம் தொடாமல் கிடந்தாலும் போய்விடும். அதிகம் பேரைக் கவிழ்ப்பது மூன்றாவது காரணம். கூகுளில் செயலியைப் பதிவு செய்யும்போது அதன் நிலை 'Testing' என்று இருக்கும். வெளியாட்களுக்கான செயலியை அப்படியே விட்டுவைத்தால், டிரைவ் அனுமதிக்கான ரெஃப்ரெஷ் டோக்கன் ஏழே நாளில் காலாவதியாகிவிடும். திங்கட்கிழமை பொருத்தி, வாரம் முழுக்க ஒழுங்காக ஓடிய ஜாப், அடுத்த திங்கள் இரவு படுத்துவிடும். நிலையை 'In production' என்று மாற்றிவிட்டு, சம்மதத்தையும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரெஃப்ரெஷ் டோக்கன் செத்ததற்கு அடையாளம், புது டோக்கன் கேட்கும்போது `invalid_grant` என்று பதில் வருவது. இதைப் பார்த்த பிறகும் விடியும்வரை திரும்பத் திரும்ப முயலும் புரோகிராம்கள் உண்டு. வீண் வேலை. நெட் தடங்கலோ, `503` போன்ற சர்வர் கோளாறோ என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. `invalid_grant` அப்படியல்ல, ஒரு மனிதர் திரைக்கு முன் உட்கார்ந்து மறுபடி சம்மதம் கொடுத்தால்தான் தீரும். இரவு 3 மணிக்கு அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே, இப்படி ஒரு ஜாப் உங்கள் கடையில் ஓடினால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே ஒன்று சொல்லிவையுங்கள். தினமும் மாலை 6 மணிக்கு, கோப்பு எதையும் ஏற்றாமல், ரெஃப்ரெஷ் மட்டும் செய்து பார்க்கட்டும். சில வினாடி வேலை. `invalid_grant` வந்தால் உடனே உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வரட்டும். கடை சாத்துவதற்குள் சம்மதம் கொடுத்துவிடலாம்.