முப்பத்தொன்றும் முப்பதும்

தமிழ்நாடு அரசிதழின் முகப்பில் வழக்கமான தேதிக்குக் கீழே இன்னொரு தேதியும் அச்சாகியிருக்கும். தமிழ் மாதமும் நாளும், ஆண்டின் பெயர், பிறகு ‘திருவள்ளுவர் ஆண்டு’ என்று ஓர் எண். அரசாணைகளிலும் இப்படித்தான். மேலே 2025 என்றிருக்கக் கீழே 2056 என்றிருப்பதைப் பார்ப்பவர்கள், 31-ஐக் கழித்தால் போதும் என்பார்கள். பெரும்பாலான நாட்களுக்கு அது சரி. தவறிப்போகும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்காது. ஆனால் அந்த நாட்களில் தவறினால் முழுசாக ஓர் ஆண்டே தள்ளிப்போய்விடும்.

இப்படி ஓர் எண் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை ஆண்டுப் பெயர்கள் அறுபதுதான். அறுபதும் முடிந்தால் மறுபடி பிரபவ. ‘குரோதி வருடம்’ என்று மட்டும் எழுதிய பழைய தாள் ஒன்று கிடைத்தால், அது 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பெயர் சுற்றி வரும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று வேண்டும்.

அந்த எண்ணைத் தந்தவர் மறைமலை அடிகள். திருவள்ளுவர் கி.மு. 31-இல் பிறந்தார் என்று கொண்டு அதிலிருந்து ஆண்டுகளை எண்ணச் சொன்னார். வள்ளுவரின் காலம் குறித்து ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனவே இதை வரலாற்றுத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு தொடக்கப் புள்ளியாகவே கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 1972 முதல் அரசிதழிலும், 1981 முதல் அரசு நடவடிக்கைகள் அனைத்திலும் இதைப் பயன்படுத்தி வருகிறது.

இனி கணக்கு. திருவள்ளுவர் ஆண்டு தை முதல் நாளில் மாறுகிறது. அது சில ஆண்டுகளில் ஜனவரி 14, சில ஆண்டுகளில் 15. ஆங்கில ஆண்டோ அதற்கு முன்பே, ஜனவரி 1-இல் மாறிவிடுகிறது. இடையில் இருக்கும் அந்தப் பதின்மூன்று, பதினான்கு நாட்களில்தான் சிக்கல். அப்போது ஆங்கில ஆண்டு புதியது, வள்ளுவர் ஆண்டு பழையது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 30 மட்டுமே. பொங்கல் முதல் டிசம்பர் 31 வரை வேறுபாடு 31.

ஒரு தாளில் ‘குரோதி, மார்கழி 19, திருவள்ளுவர் ஆண்டு 2055’ என்று இருப்பதாகக் கொள்வோம். 31-ஐக் கழித்தால் 2024. மார்கழி 19 என்பது ஜனவரி தொடக்கம் என்பதால், ஜனவரி 3, 2024 என்று எழுதத் தோன்றும். அது தவறு. 2024 ஜனவரியில் நடந்துகொண்டிருந்தது சோபகிருது. குரோதி பிறந்ததே அந்த ஏப்ரல் 14-ஆம் தேதிதான். மார்கழி ஒன்று டிசம்பர் 16 அல்லது 17-இல் வருவதால், மாதத்தின் முதல் பதினைந்து, பதினாறு நாட்கள் டிசம்பரிலும் மீதி நாட்கள் ஜனவரியிலும் விழும். ஆகவே மார்கழியின் பிற்பாதியில் கழிக்க வேண்டியது 30. விடை ஜனவரி 3, 2025.

ஆண்டின் பெயரும் எண்ணும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெயர் சித்திரையில் மாறுகிறது, எண் தையில் மாறுகிறது. அதனால் ஒரே குரோதி வருடத்துக்குச் சித்திரை முதல் மார்கழி வரை 2055. தை, மாசி, பங்குனிக்கு 2056. பெயர் மாறாமல் எண் மட்டும் மாறியிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். தை முதல் நாளையே புத்தாண்டாக அறிவித்த 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது. வள்ளுவர் ஆண்டு தையில் மாறும் முறை மட்டும் அப்படியே தொடர்கிறது.

விடையைச் சரிபார்க்க அந்தப் பெயரே உதவும். இப்போது நடக்கும் சுற்று 1987 ஏப்ரலில் பிரபவ வருடத்தோடு தொடங்கியது. சித்திரை பிறந்த ஆங்கில ஆண்டிலிருந்து 1986-ஐக் கழித்தால் பட்டியலில் அதன் வரிசை எண் கிடைக்கும். 2024-க்கு 38, முப்பத்தெட்டாவது பெயர் குரோதி. பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் 31-க்கும் 30-க்கும் இடையில்தான் கை தவறியிருக்கும்.

கழிப்பதற்கு முன் எண்ணின் தலைப்பையும் படித்துவிட வேண்டும். குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் பத்திரங்களில் 1100 என்றிருந்தால் அது கொல்லம் ஆண்டு, அதாவது 1924-25. மத்திய அரசின் சக ஆண்டு இன்னும் ஏமாற்றும்: சக ஆண்டு 1946 என்பது 2024 மார்ச்சில் தொடங்கிய ஆண்டு. பார்வைக்கோ சுதந்திரத்துக்கு முந்தைய தேதி போலவே இருக்கும்.