போட்டோவில் வந்த பயாலஜி நோட்ஸ்... ஃப்ளாஷ் கார்டு எழுதும் முன் கவனிக்க வேண்டியவை!

காய்ச்சலில் இரண்டு நாள் லீவு போட்ட ப்ளஸ் ஒன் மாணவி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் பயாலஜி மிஸ் சிறுநீரகப் பாடத்தை முடித்துவிட்டார். தோழி நோட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அதைப் பார்த்து அப்படியே ஃப்ளாஷ் கார்டு எழுதி, ஒரு வாரம் மனப்பாடம் செய்தால் பாடம் முடிந்தது. கேட்க ரொம்ப சுலபமாகத்தான் இருக்கிறது.

சிக்கல் இந்த இடத்தில்தான். நோட்டை நாம் நாலு தடவை புரட்டினால் பெரிய விஷயம். ஆனால், ஃப்ளாஷ் கார்டை இருபது, முப்பது தடவை பார்ப்போம். கார்டில் ஒரு தவறு இருந்தால் அதுவும் முப்பது தடவை மனதில் பதியும். தெரியாத கேள்வியைப் பரீட்சையில் விட்டுவிட்டு வரலாம். தவறாக மனப்பாடம் ஆனதை நம்பிக்கையோடு எழுதிவிட்டு வருவோம். நீட் மாதிரித் தேர்வென்றால் நெகட்டிவ் மார்க்கும் சேர்ந்துகொள்ளும். அதனால், கார்டு எழுதுவதற்கு முன்பு போட்டோவைச் சரியாகப் படிப்பதுதான் முதல் வேலை.

போட்டோ எப்படி இருக்க வேண்டும்?

ஒரு போட்டோவில் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். நோட்டை விரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்தால், நடுவில் தையல் இருக்கும் இடத்தில் தாள் வளைந்து, வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ காணாமல் போகும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று எடுத்தால் கையின் நிழல் பக்கத்தின் மேல் விழும். பென்சிலில் எழுதிய பெயர்கள்தான் அதில் முதலில் மறையும். பயாலஜி படங்களில் பாகங்களின் பெயர்களைப் பெரும்பாலும் பென்சிலில்தானே எழுதுகிறோம்!

அனுப்பும்போதும் ஒரு விஷயம் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்த தரத்திலேயே வரும். பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள்

போட்டோ வந்ததும் கார்டைக் கையில் எடுக்காதீர்கள். பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்து, சந்தேகமான இடங்களை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து நோட்ஸில் மோசம் போவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: எழுத்து, எண், அம்புக்குறி. நம் மாணவியின் கையில் இருக்கும் நெஃப்ரான் பக்கத்திலேயே மூன்றும் இருக்கின்றன.

முதலில் எழுத்து. கிளாமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சுக்கு ரத்தத்தைக் கொண்டுவருவது 'அஃபரன்ட்' நுண்தமனி. அங்கிருந்து வெளியே கொண்டுபோவது 'எஃபரன்ட்' நுண்தமனி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு: ஒன்றில் ஏ, மற்றதில் இ. அவசரமாக எழுதிய கையெழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாற்றிப் படித்தால் ரத்தம் போகும் திசையே தலைகீழாகிவிடும். இதைப் பக்கத்து வார்த்தையை வைத்து ஊகிக்க வேண்டாம். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைத் திறந்து, எந்தக் குழாய் உள்ளே போகிறது என்று பார்த்துவிடுங்கள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உட்செல் நுண்தமனி, வெளிச்செல் நுண்தமனி என்று பெயரே திசையைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து எண். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லி லிட்டர் வடிகட்டுகின்றன. 1-ன் தலையில் கொக்கி போட்டு எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. போட்டோவில் அது 7 மாதிரி தெரியும். 125 என்பது 725 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் புத்தகம்கூட வேண்டாம். அதே பக்கத்தில், ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்றும் எழுதியிருக்கிறது. 125-ஐ 60-ஆல் பெருக்கி, அதை 24-ஆல் பெருக்கினால் 1,80,000 மில்லி லிட்டர், அதாவது 180 லிட்டர். கணக்கு சரி. 725 என்று வைத்துப் பெருக்கினால் ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடும். ஒரு பக்கத்தில் சம்பந்தப்பட்ட இரண்டு எண்கள் இருந்தால், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, அம்புக்குறி. மிஸ் வேகமாகச் சொல்லும்போது 'அதிகரிக்கும்', 'குறையும்' என்று யாரும் முழுதாக எழுதுவதில்லை. மேல் நோக்கி ஒரு அம்பு, கீழ் நோக்கி ஒரு அம்பு, அவ்வளவுதான். 'ADH' பக்கத்தில் ஒரு அம்பு, சிறுநீர் பக்கத்தில் ஒரு அம்பு. இரண்டாவது அம்பின் முனை மை பரவி மங்கிக் கிடக்கிறது. மேலா, கீழா? இந்த ஹார்மோனின் வேலை சேகரிப்பு நாளத்தில் தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வைப்பது. வெயிலில் அலைந்துவிட்டு தண்ணீர் குடிக்காமல் இருந்த நாளில் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகுமே, அப்போது உடம்பில் இந்த ஹார்மோன் அதிகமாகச் சுரந்திருக்கிறது. ஆக, ஹார்மோன் கூடினால் சிறுநீர் குறையும். அம்பு கீழேதான்.

இவ்வளவு பார்த்தும் தீராத சந்தேகம் இருந்தால் தோழியிடம் கேளுங்கள். ஆனால், அவளும் வகுப்பில் தவறாகக் கேட்டு எழுதியிருக்கலாம். அதனால் கடைசி வார்த்தை பாடப்புத்தகத்துடையதாகவே இருக்கட்டும். அதிலும் தீராததைக் கார்டில் ஏற்றாமல் துண்டுத்தாளிலேயே விட்டுவைத்து, மிஸ்ஸிடம் கேட்டபிறகு எழுதலாம்.

ஒரு பக்கம், பத்து கார்டு

இப்போது கார்டு. பலரும் செய்வது, முன்பக்கம் 'சிறுநீர் உருவாதலை விளக்குக' என்று எழுதி, பின்பக்கம் நோட்ஸைச் சின்ன எழுத்தில் அப்படியே இறக்கிவிடுவது. அந்தக் கார்டைத் திருப்பிப் பார்த்ததும் 'ஆமா, இதெல்லாம் தெரியுமே' என்று தோன்றும். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது கடைசி வரை பிடிபடாது. ஒரு கார்டுக்கு ஒரு கேள்வி; பதில் ஒரு வார்த்தை அல்லது ஒரு வரி. இந்த அளவில் உடைத்தால்தான் மறந்த இடம் தனியாகத் தெரியும்.

நம் பக்கத்தையே உடைத்துப் பார்ப்போம். 'கிளாமருலஸுக்கு ரத்தம் கொண்டுவருவது எது?' ஒரு கார்டு. 'வெளியே கொண்டுபோவது எது?' இன்னொரு கார்டு. இந்த இரண்டையும் மட்டும் எழுதினால் வெறும் பெயர் மனப்பாடம்தான். அதனால் மூன்றாவதாக ஒரு 'ஏன்' கார்டு: 'கிளாமருலஸில் ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பது ஏன்?' பதில்: வெளியே போகும் குழாய், உள்ளே வரும் குழாயைவிடக் குறுகலானது. இந்தக் காரணம் தெரிந்துவிட்டால் முதல் இரண்டு கார்டுகளும் தானாகவே நினைவில் நிற்கும்.

எண்களுக்கு இரண்டு கார்டு. 'நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டப்படுகிறது?' என்பது ஒன்று. 'நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டியும் சுமார் ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வருவது ஏன்?' என்பது மற்றொன்று. பதில்: 99 சதவிகிதம் நுண்குழல்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அடுத்து, 'குளுக்கோஸ் எந்தப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்படுகிறது?' அண்மைச் சுருள் நுண்குழல்.

ஹென்லே வளைவுதான் எல்லோரையும் குழப்பும். இறங்கும் பகுதி தண்ணீரை வெளியே விடும், உப்பை விடாது. ஏறும் பகுதி உப்பை விடும், தண்ணீரை விடாது. இதை ஒரே கார்டில் அட்டவணையாகப் போட்டால் இரண்டும் கலந்துவிடும். 'இறங்கும் பகுதியில் வெளியேறுவது எது?', 'ஏறும் பகுதியில் வெளியேறாதது எது?' என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் பதில் தண்ணீர்தான். ஆனால், கேள்வியைக் கவனித்துப் படித்தால்தான் அது புரியும். ஒன்பதாவது கார்டு நாம் அம்புக்குறியில் பார்த்த ஹார்மோன்.

பத்தாவது, படம். போட்டோவிலிருந்து நெஃப்ரான் படத்தை மட்டும் கத்தரித்து, போனின் எடிட் வசதியிலேயே பெயர்களின் மேல் பட்டையாகக் கோடு போட்டு மறைத்து, 1, 2, 3 என்று எண் கொடுத்துவிடலாம். ஆன்கி செயலி பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென்றே `Image Occlusion` என்ற வசதி இருக்கிறது. காகிதக் கார்டு என்றால் படத்தை நீங்களே வரைவது நல்லது. தோழி வரைந்ததைப் பார்த்து வரையாமல் புத்தகத்தைப் பார்த்து வரையுங்கள். நோட்டுப் படங்களில் வளைவின் நீளமும் இடமும் அடிக்கடி மாறிப்போகும்.

ஒருமுறை சரியாகச் சொன்னால் போதுமா?

'இது தெரிஞ்சிடுச்சு' என்று கார்டை ஓரம்கட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. 2008-ல் 'சயின்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஸ்வாஹிலி மொழி வார்த்தைகளைப் படித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன வார்த்தையையும் விடாமல் தொடர்ந்து கேட்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து சுமார் 80 சதவிகிதம் சொன்னார்கள். சரியாகச் சொன்னதும் அந்த வார்த்தையைத் திரும்பக் கேட்காமல் நிறுத்தப்பட்டவர்களுக்கு நினைவிருந்தது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

அதனால் தெரிந்த கார்டைத் தூக்கிப்போடாமல் தள்ளி மட்டும் வையுங்கள். மூன்று டப்பா போதும். புதிய கார்டுகள் முதல் டப்பாவில், தினமும். சரியாகச் சொன்னது இரண்டாவதில், மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கும் சரியாக வந்தால் மூன்றாவதில், வாரம் ஒருமுறை. எங்கே தவறினாலும் மறுபடி முதல் டப்பா.

ஒரே கார்டு மூன்று, நான்கு முறை முதல் டப்பாவுக்கே திரும்பி வந்தால் உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். கேள்வி பெரிதாக இருக்கிறதா, இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே போனை எடுத்து, அந்த வரியைப் போட்டோவில் இன்னொரு முறை பெரிதாக்கியும் பாருங்கள். நீங்கள் 'இ' என்று நினைத்தது 'ஏ'-வாக இருக்கலாம்.