வட்டியில்லாத் தவணையின் விலை

30,000 ரூபாய் ஃபிரிட்ஜ். பத்து மாதம், மாதம் 3,000, வட்டி கிடையாது என்கிறார் கடைக்காரர். ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். 1,500 குறைப்பார் என்றால், தவணைக்காரர் இழப்பது அதைத்தான். செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90. ஆக 2,090 ரூபாய் கூடுதல். கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 சதவீத வட்டி. இப்படி வட்டியை மறைக்கும் திட்டங்களை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்தது.

அதே 3,000-ஐ அஞ்சலகத் தொடர்வைப்பில் போடலாமா? அது ஐந்தாண்டுக் கணக்கு, இதற்குப் பொருந்தாது. சில வங்கிகளில் பத்து மாதத்துக்கே தொடங்கலாம். பழைய ஃபிரிட்ஜ் ஓடும்வரை சேமிப்பதே லாபம். அது நின்றுபோய், வீட்டில் இன்சுலின் இருந்தால், தயங்காமல் தவணையில் வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் பிடித்தம் செய்யும் நாளுக்கு முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும்; தவணை திரும்பினால் அபராதம் தனி.