இந்தச் சுவருக்கு இல்லை

சுவர் ஒன்றுதான். வந்த வரைவுகள் ஐந்து. ஒருவருக்கு வேலை கொடுத்தாயிற்று. மற்ற நால்வருக்கு என்ன எழுதுவது?

பல ஊர்க் கமிட்டிகள் எதுவுமே எழுதுவதில்லை. சாரம் கட்டி வேறொருவர் வரைந்துகொண்டிருப்பதை யாரோ அனுப்பிய செல்போன் படத்தில் பார்த்துத்தான் மற்றவர்களுக்குச் செய்தி தெரியவரும். எழுதுகிறவர்களும் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள்: கலந்துகொண்டதற்கு நன்றி, அடுத்த முறை முயலவும். அடுத்த முறை என்றால் எப்போது, எந்தச் சுவரில், எதை மாற்றிக்கொண்டு? அந்த இரண்டு வரியில் இதற்குப் பதில் இருக்காது. நல்ல கடிதத்தில் இருக்கும். அதை எழுத மொழித்திறமை பெரிதாக வேண்டியதில்லை. வரைவையும் சுவரையும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும்.

ஒரு கண்மாய்க் கிராமத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். படிப்பகத்தின் வெளிச்சுவர் 30 அடி நீளம், 10 அடி உயரம். எதிரே சாலை, அதற்கு அப்பால் பஸ் நிறுத்தம். சுவருக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 40 அடி. கண்மாயைப் பற்றி ஓர் ஓவியம் வேண்டும் என்று கமிட்டி கேட்டது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், 30 அங்குல நீளத் தாளில் வரைவு அனுப்பச் சொன்னது.

இளம் ஓவியர் ஒருவர் மடை திறக்கும் நாளை வரைந்து அனுப்பினார். கரையில் ஊரே திரண்டு நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் 43 பேர். தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டிருக்கும் பெரியவர், இடுப்புக் குழந்தையின் காலைப் பிடித்திருக்கும் பெண், வாய்க்காலில் முதல் தண்ணீருக்குக் கால் நீட்டும் சிறுவர்கள். தாளைக் கையில் வாங்கிய எல்லோரும் அதில் தங்களுக்குத் தெரிந்த முகத்தைத் தேடினார்கள். ஆனாலும் அந்த வரைவு தேர்வாகவில்லை.

காரணத்தை ஒரு சின்னச் சோதனை காட்டிக்கொடுத்தது. அடி அங்குலமாகச் சுருங்கிய தாளில், பார்க்கும் தொலைவும் அதே கணக்கில் சுருங்கும். சுவரை 40 அடியிலிருந்து பார்ப்பதும் தாளை 40 அங்குலத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றுதான். கமிட்டியார் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு 40 அங்குலம் தள்ளி நின்று பார்த்தார்கள். கையில் இருந்தபோது சிரித்த முகங்களில் அந்தச் சிரிப்பு மங்கிவிட்டது. தாளில் அரை அங்குலமாக இருந்த முகம் சுவரில் அரை அடிதான் வரும். பஸ்ஸுக்கு நிற்பவர் கண்ணுக்கு அதன் நுணுக்கமான பாவம் எளிதில் பிடிபடாது. தேர்வான வரைவில் மூன்றே உருவங்கள். அந்தத் தொலைவிலும் அவை தெளிவாக நின்றன.

இரண்டாவது காரணம் சுவரின் அடியில் இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டியது. பூச்சுக்குள்ளிருந்து ஈரத்தோடு வந்து பூத்த உப்பு அது. அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் உப்பு உள்ளிருந்து தள்ளும். கொப்புளம் கிளம்பி ஏடு ஏடாக உரியும். வாய்க்காலில் கால் நீட்டும் சிறுவர்களை ஓவியர் சரியாக அந்த இரண்டடியில்தான் வைத்திருந்தார். இதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. சுவரின் அளவைக் கொடுத்த கமிட்டி, ஓதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆக, கமிட்டியின் கையில் இருப்பது இது: கூட்டத்தை உயிரோடு வரையத் தெரிந்த ஒருவர்; அந்தக் கூட்டத்தைத் தாங்காத ஒரு சுவர்; தன் பக்கம் ஒரு பிழை. படிப்பகத்துக்குள் இன்னொரு சுவரும் இருக்கிறது. 12 அடி நீளம், 6 அடி உயரம், மழை படாதது, ஓதம் இல்லாதது. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவருக்கும் அதற்கும் ஆறடிதான். வெளிச்சுவரில் குறையாகப் போனது இந்தச் சுவரில் குணமாகிவிடும். மழைக்காலம் முழுக்கத் தினமும் வந்து உட்கார்பவர்கள், தினமும் ஒரு புது முகத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இனிக் கடிதம் எழுதுவது எளிது.

"வணக்கம். படிப்பகச் சுவருக்காகத் தாங்கள் அனுப்பிய வரைவைக் கமிட்டியில் ஏழு பேரும் பார்த்தோம். இந்த முறை வேறொருவரின் வரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஊருக்குத் தெரிவதற்கு முன் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

குழந்தையின் காலைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணை எங்களில் நான்கு பேர் நான்கு வேறு ஆளாக அடையாளம் சொன்னோம். வரைவில் நாங்கள் அதிக நேரம் நின்றது அந்த இடத்தில்தான்.

தேர்வாகாததற்குக் காரணம் தொலைவு. பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் அரையடி முகங்களின் பாவம் தெளிவாகத் தெரியாது. சுவரின் கீழ் இரண்டடியில் ஓதம் இருப்பதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பிழை, மன்னிக்கவும்.

படிப்பகத்துக்குள் 12க்கு 6 அடியில் ஒரு சுவர் இருக்கிறது. ஆறடி தொலைவில் உட்கார்ந்து பார்க்கும் சுவர். இதே மடைத் திறப்பை அதற்கு ஏற்றபடி வரைந்து தருவீர்களா? அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் போதும் என்று தோன்றுகிறது, முடிவு தங்களுடையது. புது வரைவுக்கு 3,000 ரூபாய் தருகிறோம். வரைவு பிடித்தால்தான் சுவர் வேலை. அதை இப்போதே உறுதி சொல்ல முடியவில்லை. தை மாதத்துக்குள் முடிவெடுப்போம். ஒருநாள் வந்து சுவரைப் பாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.

வரைவைத் தங்களிடமே திருப்பி அனுப்புகிறோம்."

இந்தக் கடிதத்தில் முதலில் வருவது முடிவு. நான்கு வரி பாராட்டிவிட்டுக் கடைசியில் "ஆனால்" போட்டால், படிப்பவர் அந்த "ஆனால்" எங்கே என்று தேடிக்கொண்டே படிப்பார். பாராட்டு காதில் ஏறாது. கெட்ட செய்தி முன்னால் போய்விட்டால் பிறகு வரும் நன்றியை அவர் நிம்மதியாகப் படிக்க முடியும். அந்த நன்றியும் ஒரு குறிப்பிட்ட உருவத்தைத் தொட்டுப் பேசுகிறது. "தங்கள் வரைவு மிகவும் அருமை" என்பதை ஐந்து பேருக்கும் எழுதலாம். குழந்தையின் காலைப் பிடித்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒருவருக்குத்தான் எழுத முடியும். தேர்வான வரைவோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். தொலைவு என்ற காரணத்தை ஓவியர் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். "அவருடையது இன்னும் நன்றாக இருந்தது" என்றால் அவர் என்ன செய்ய முடியும்?

தோற்ற வரைவுக்கு வேறு சுவர் கொடுப்பதை அமெரிக்காவில் ஓர் அரசுத் துறையே வழக்கமாக வைத்திருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934இல், அந்நாட்டுக் கருவூலத் துறை ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமாகத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. புதிதாகக் கட்டிய தபால் நிலையங்களுக்கு ஓவியம் தேர்ந்தெடுப்பது அதன் முக்கிய வேலை. போட்டிகளுக்கு வரும் வரைவில் பெயர் இருக்கக் கூடாது; பெயர் தனியாக ஒட்டிய உறைக்குள் இருக்கும். போட்டியில் வெல்லாவிட்டாலும், நல்ல கை என்று தெரிந்தால் வேறு ஊர்த் தபால் நிலையச் சுவரை அந்த ஓவியருக்குக் கொடுப்பார்கள்.

எத்தல் மாகஃபான் என்ற இளம்பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. கன்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊருக்கு அவர் அனுப்பிய வரைவு, உள்நாட்டுப் போரின்போது 1863இல் அதே மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் நடந்த படுகொலையைப் பற்றியது. அது தேர்வாகவில்லை. தபால்தலை வாங்க வருபவர்கள் தினமும் பார்க்க வேண்டிய சுவர் அது என்பதை நினைத்தால் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்தக் கையை அவர்கள் விட்டுவிடவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊர்த் தபால் நிலையம் அவருக்குக் கிடைத்தது. அங்கே கதிரடிக்கும் காட்சியை 1938இல் வரைந்து முடித்தார்; அப்போது வயது 22க்கு மேல் இருக்காது. பிறகு ஆர்கன்சாவில் பருத்தி எடுப்பவர்கள், ஓக்லஹோமாவில் புல்வெளித் தீ என்று அடுத்தடுத்த தபால் நிலையச் சுவர்கள் வந்தன. வெறுமனே "மீண்டும் முயலுங்கள்" என்ற வார்த்தையோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது. ஊர் பெயரோடு ஒரு சுவர் காத்திருந்தது.

அதனால்தான் இந்த அழைப்பை எல்லோருக்கும் எழுதக் கூடாது. நம் கிராமத்தில் தேர்வாகாத நான்கு வரைவுகளில் ஒன்று இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து அப்படியே போட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முடிவையும் நன்றியையும் எழுதினால் போதும். கூப்பிடப் போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்துகொண்டே "அடுத்த முறை" என்று எழுதினால், அதை நம்பி அவர் இன்னொரு பத்து நாளைச் செலவிடுவார். பொதுப் போட்டிக்குத் தாமாக முன்வந்து வரைவது வேறு. ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து வரையச் சொல்வது வேறு. அழைத்தால் வரைவுக்கே ஒரு தொகை கொடுப்பதுதான் முறை. கடிதத்தில் அந்த 3,000 ரூபாய் வந்தது இதற்காகத்தான்.

கடைசி வரியில் சொன்ன வரைவு, பல ஊர்களில் தலைவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து யாராவது ஒருவர், "அந்தக் குழந்தையும் அம்மாவும் நன்றாக இருந்ததே, நம்ம பெயிண்டரிடம் கொடுத்து அங்கன்வாடிச் சுவரில் போட்டுவிடலாமே" என்பார். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, பொதுப் போட்டிக்கு வரைந்து அனுப்பிய படத்தின் உரிமை வரைந்தவருடையது. அவர் எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை கமிட்டிக்கு வராது. தாள் நம் அலமாரியில் இருப்பதால் படம் நம்முடையதாகிவிடாது.

ஆகவே, மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, கடிதத்தோடு அதே நாளில் அனுப்பிவிட வேண்டும். தோற்ற ஓவியர் உறையைப் பிரிக்கும்போது முதலில் கையில் தட்டுப்படுவது அந்த அட்டைதான். தன் தாள் முனை மடங்காமல் திரும்பி வந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் கடிதத்தைப் படிப்பார்.