இரண்டு போன் என்றால் இரண்டு பிள்ளைகளா?

டியூஷன் ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டுவதற்கு முன் என் தங்கை ஒரே வரியில் கேட்டிருந்தாள்: "ஒரு பிளானில் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம்?" பதில் உடனே வந்தது: "இரண்டு போனில் பயன்படுத்தலாம் மேடம்." அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணக்கு சரியாக வந்ததால் பணத்தைக் கட்டிவிட்டாள்.

கேட்டது பிள்ளையை, கிடைத்த பதில் போனைப் பற்றி. அக்கவுண்ட் என்பது பணம் கட்டுகிறவருடையது, ஓ.டி.பி. வருவது அவருடைய எண்ணுக்குத்தான். அதற்குள் படிக்கிற பிள்ளைக்கென்று திறப்பது புரொஃபைல். வகுப்பு, பாடத்திட்டம், எந்தக் கணக்கில் தடுமாறினான் என்பதெல்லாம் பதிவாவது அதில்தான். இரண்டு போனில் திறக்கலாம் என்றால், ஒரே புரொஃபைல் இரண்டு இடத்தில் திறக்கும், அவ்வளவுதான்.

பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவள் ஐந்தாம் வகுப்பு. ஒரே புரொஃபைலில் வகுப்பை மாற்றி மாற்றி வைத்துப் படித்தார்கள். அடுத்து என்ன கணக்கு கொடுப்பது என்பதை, முன்பு தப்பாய்ப் போட்டதைப் பார்த்துத்தான் அந்த ஆப் முடிவு செய்கிறது. அண்ணனுக்கு வந்த இயற்கணிதத்தைத் தங்கை விளையாட்டாய்த் தட்டிவைக்க, மறுநாள் அவனுக்கு அடிப்படைப் பயிற்சியாகவே வந்தது. வாரக் கடைசி ரிப்போர்ட்டில் அவன் தொட்டே பார்க்காத பாடத்துக்கும் மதிப்பெண் இருந்தது. அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது.

இரண்டாவது கடிதத்தை நாங்கள் சேர்ந்து எழுதினோம்:

"ஐயா, என் பிளானில் எத்தனை புரொஃபைல் திறக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் வேறு வகுப்பு, வேறு பாடத்திட்டம் வைக்கலாமா? இருவரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க முடியுமா? நேரடி வகுப்பும் சந்தேகம் கேட்கும் வசதியும் ஆளுக்கு ஒன்றா, இருவருக்கும் பொதுவா? இரண்டாவது பிள்ளைக்குத் தனிக் கட்டணம் என்றால் எவ்வளவு? ஆட்டோ டெபிட் தொகையும் அதனால் கூடுமா? மின்னஞ்சலில் பதில் தரவும்."

மின்னஞ்சல் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. விற்பவர் போனில் சொன்னதை நாளைக்கு நிரூபிக்க முடியாது. ஆட்டோ டெபிட் பற்றிய வரியை நான்தான் சேர்த்தேன். சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கொடுப்பதைத் தவிருங்கள், நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

பதில் வந்தது. இந்தப் பிளானுக்கு ஒரு புரொஃபைல்தான், அடுத்த பிள்ளைக்குத் தனிச் சந்தா. கலந்துபோன பதிவைப் பிரித்துத் தர முடியாதாம், அழிக்க மட்டும் முடியுமாம். தங்கை அழிக்கச் சொன்னாள். பெரியவன் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான். சின்னவளுக்கு இப்போதைக்கு அம்மாதான் டியூஷன்.