போனில் முடிந்த பேரம் எங்கே முடிந்தது?

1959 ஜூலையில் அகமதாபாத்தில் இருந்த ஒரு தரப்பு, விதர்ப்பா பகுதியின் காம்காவில் உள்ள ஒரு ஜின்னிங் ஆலைக்குப் போன் செய்து பருத்திக் கொட்டைப் பிண்ணாக்கு கேட்டது. மறுமுனையில் சம்மதம் வந்தது. சரக்கு வரவில்லை. வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965-இல் வந்த தீர்ப்பு, போனில் சொன்ன சம்மதம் காதில் விழுந்த ஊரிலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது. அதாவது, அகமதாபாத்தில்.

ஊர் எது என்பதைவிட அந்த வழக்கின் அடிப்படைதான் கொள்முதல் பார்ப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியது. இந்தியாவில் சரக்கு வாங்கி விற்கும் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து கட்டாயமில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் வாய்ச்சொல்லையே ஏற்கின்றன. "பர்ச்சேஸ் ஆர்டர் போடலையே, அதுவரைக்கும் ஒண்ணும் இல்லை" என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது. அந்த எல்லையை இரு தரப்பும் அறியச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சப்ளையரோடு பேசி முடித்ததும் எழுதும் குறிப்பின் முதல் வேலை அதுதான்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம் 30-ஆம் நம்பர் கோம்டு நூல் பத்து டன் வாங்க வேண்டும். கொள்முதல் மேலாளரும் மில்லின் விற்பனை மேலாளரும் பேசுகிறார்கள்.

"ரேட் 265 தாங்க சார். இந்த மாசம் இறங்க மாட்டாங்க."

"பத்து டன் எடுக்கறோம்ங்க. 262 போட்டுக் குடுங்க."

"சரிங்க சார், 262. ஆனா பத்து டன்னும் இந்த மாசத்துக்குள்ள எடுத்துக்கணும்."

"எடுத்துக்கறோம். 30 நாள் கிரெடிட்டுதானே?"

"வழக்கம்போலதாங்க."

"லாட் மாறி, சாயம் போட்டதும் பட்டை விழுந்தா?"

"நம்ம நூல்ல வராதுங்க சார். வந்தா பாத்துக்கலாம்."

"சரிங்க. எங்க எக்ஸ்போர்ட் ஆர்டர் கன்பர்ம் ஆகணும், முதலாளிகிட்டயும் கேக்கணும். சனிக்கிழமைக்குள்ள பிஓ அனுப்பிடறேன். அதுவரைக்கும் ரேட்டைப் பிடிச்சு வைங்க."

"வைக்கறேங்க சார்."

போனை வைத்ததும் பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "நூல் 10 டன், கிலோ ரூ.262, கிரெடிட் 30 நாள், லாட் பிரச்சினை வந்தால் மில் பொறுப்பு." படிக்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் இதில் மூன்று இடத்தில் பேசியது ஒன்று, எழுதியது வேறு.

முதலாவது, 262 என்ற விலை ஒரு நிபந்தனையோடு வந்தது. மாதத்துக்குள் பத்து டன்னையும் எடுத்தால்தான் அந்த விலை. நிபந்தனையை விட்டுவிட்டால், ஆறு டன் எடுத்த நிலையில் மாதம் முடியும்போது மில் பழைய ரேட்டில் பில் போடும். நம் குறிப்பில் அதற்குப் பதில் இருக்காது.

இரண்டாவது, கிரெடிட். "30 நாள்" என்று சொன்னது நாம். மில்காரர் சொன்னது "வழக்கம்போல". வழக்கம் என்ன என்பதைப் பழைய பில்களில்தான் பார்க்க வேண்டும். பில் தேதியிலிருந்து 30 நாளா, சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தா? இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டத்தின்படி பணம் கொடுக்க வேண்டிய நாள் எழுத்தில் ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். அப்படி எழுதினாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். வாயால் சொன்ன 30 நாள் கிரெடிட் அங்கே நிற்காது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி ஏறும். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-இல் வந்த திருத்தமும் இருக்கிறது. ஆகவே கிரெடிட் வரியை எழுதி, மில்லிடமிருந்து எழுத்திலேயே சம்மதம் வாங்க வேண்டும்.

மூன்றாவது பிழைதான் மிகப் பெரிய நஷ்டத்துக்கு வழி. வெவ்வேறு லாட்டின் கோன்கள் ஒரே நிட்டிங் மிஷினில் ஏறினால் துணி பார்வைக்கு நன்றாகவே வரும். சாயப்பட்டறைக்குப் போய் வந்த பிறகுதான் குறுக்கே பட்டை பட்டையாக நிற வேறுபாடு தெரியும். அதற்குள் நூல் விலையோடு நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் ஏறிவிட்டிருக்கும். மில் நூலை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மற்ற இரண்டும் வாங்கியவர் தலையில். "வந்தா பாத்துக்கலாம்" என்ற பதிலை "மில் பொறுப்பு" என்று எழுதினால், மில் அதை மறுத்துப் பதில் போடும்; அதோடு குறிப்பின் மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை போகும்.

இந்த உரையாடலுக்குச் சரியான குறிப்பு இப்படி அமையும்:

பேச்சுவார்த்தைக் குறிப்பு. தேதி, நேரம், இரு பக்கமும் பேசியவர்களின் பெயர், பதவி.

அ. ஒத்துக்கொண்டவை
1. 30-ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல், 10,000 கிலோ.
2. விலை கிலோ ரூ.262. முழு அளவையும் இந்த மாதக் கடைசிக்குள் எடுத்தால் மட்டும்.

ஆ. முடிவாகாதவை
1. கிரெடிட்: நாங்கள் 30 நாள் கேட்டோம், "வழக்கம்போல" என்றீர்கள். சரக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் என்பதை எழுத்தில் உறுதி செய்யவும்.
2. லாட்: ஒவ்வொரு லோடும் ஒரே லாட்டாக வர வேண்டும், பட்டை விழுந்தால் யார் எதுவரை ஏற்பது என்று கேட்டோம். மில் தரப்பு பொறுப்பேற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வியாழக்கிழமைக்குள் உங்கள் நிலையைத் தெரிவிக்கவும். இது முடியாமல் ஆர்டர் இல்லை.
3. லாரி வாடகை, ஜிஎஸ்டி: 262-க்குள் அடங்குமா, தனியா என்று பேசவில்லை. தெளிவுபடுத்தவும்.

இ. இன்னும் கட்டுப்படுத்தாதவை
1. எங்கள் நிர்வாக ஒப்புதலும் எக்ஸ்போர்ட் ஆர்டர் உறுதியும் வர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பி, நீங்கள் அதை ஏற்கும் வரை 'அ' பகுதி உட்பட இதில் உள்ள எதுவும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது.
2. சனிக்கிழமை வரை ரேட்டைப் பிடித்து வைப்பதாகச் சொன்னீர்கள்.

ஆ பகுதியும் இ பகுதியும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆ என்பது இரு தரப்பும் இன்னும் ஒரே இடத்துக்கு வராத விஷயம். அதைப் பேசித் தீர்க்க வேண்டும். இ என்பது பேச்சில் இணக்கம் இருந்தும், வேறு ஏதோ ஒன்று நடந்தால்தான் உயிர் பெறும் விஷயம். அந்த ஏதோ ஒன்று எது, யார் கையில் இருக்கிறது என்பதை எழுத வேண்டும்.

ரேட்டைப் பிடித்து வைக்கும் வாக்கு ஏன் இ பகுதியில் இருக்கிறது? "பிடித்து வைக்கிறேன்" என்பது பிரதிபலன் இல்லாத வாக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, நாம் சம்மதத்தை அனுப்பும் வரை கொடுத்தவர் தன் விலையைத் திரும்பப் பெறலாம். வெள்ளிக்கிழமை பஞ்சு விலை ஏறி, மில் "262 இல்லைங்க" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு சரி. உண்மையிலேயே விலை நிற்க வேண்டுமென்றால் அதற்கென ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, எதற்காகக் கொடுத்தோம் என்று எழுத வேண்டும். இல்லையேல் சனிக்கிழமை வரை காத்திருக்காமல் பிஓவைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும்.

இ பகுதியின் முதல் வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2010-இல் வந்த டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்கு சாட்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாது அனுப்புவது பற்றி இரு நிறுவனங்களும் 2007-இல் மின்னஞ்சலில் பேசி, ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் போனது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று வேதாந்தா வாதிட்டது. நீதிபதி பி.சதாசிவம் அதை ஏற்கவில்லை. நிபந்தனையற்ற சம்மதம் போய்ச் சேர்ந்துவிட்டால், பின்னால் ஒரு முறையான ஆவணம் தயாராக வேண்டும் என்பது மட்டுமே ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்காது என்றது தீர்ப்பு. பிஓவுக்கு முன் கட்டுப்பட விரும்பாதவர் அதை மனதில் வைத்துக்கொண்டால் போதாது, எழுதியாக வேண்டும்.

குறிப்பை அன்றே அனுப்புவது நல்லது. பேசியவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பேரம் பேசுபவரின் காது தனக்கு வேண்டியதைக் கேட்கும். குறிப்பின் கடைசியில் "மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் எழுதவும்" என்று கேட்கலாம். ஆனால் "பதில் வராவிட்டால் ஒத்துக்கொண்டதாகக் கொள்வோம்" என்று எழுதுவதை அதிகம் நம்பக் கூடாது. மௌனம் தானாகச் சம்மதம் ஆகாது. பதில் வராத குறிப்பு, அன்று நாம் என்ன புரிந்துகொண்டோம் என்பதற்கு ஒரு சாட்சியாக மட்டும் நிற்கும். அதனால் ஆ பகுதிக்கு ஒரு போன் போட்டு, "மெயிலுக்கு ஒரு வரி பதில் போட்டுடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

எதிர்ப்பக்கம் கவனிக்க வேண்டியதும் உண்டு. பிஓ வருவதற்கு முன்பே அவசரத்துக்கு இரண்டு டன் லோடு வந்து, நம் கிடங்கில் இறக்கி, மிஷினில் ஏற்றிவிட்டால், "எதுவும் கட்டுப்படுத்தாது" என்ற வரி வலுவிழந்துவிடும். நடத்தையாலும் சம்மதம் சொல்லலாம் என்கிறது அதே சட்டம். அப்போது லாட், கிரெடிட் எல்லாம் முடிவாகாமலே ஒப்பந்தம் ஓடத் தொடங்கியிருக்கும். அவசர லோடு தேவையென்றால் அதற்கு மட்டும் அளவு, விலை, கிரெடிட், லாட் நம்பர் போட்டுத் தனிச் சிறு ஆர்டர் அனுப்பிவிட்டு இறக்க வேண்டும்.

மில் திருத்தம் சொன்னால் பழைய குறிப்பின் மேலேயே மாற்றக் கூடாது. புதிய தேதியோடு இரண்டாவது குறிப்பை அனுப்பி, எந்த வரி மாறியது என்று சொல்ல வேண்டும். ஆ பகுதியின் வரிகள் ஒவ்வொன்றாக அ பகுதிக்கு நகர்ந்து முடிந்ததும் பர்ச்சேஸ் ஆர்டர். அதில் "முந்தைய பேச்சும் குறிப்புகளும் இந்த ஆர்டரில் அடங்கும்; வேறுபட்டால் இந்த ஆர்டரே செல்லும்" என்று ஒரு வரி இருக்கட்டும். மில் அதை ஏற்றுப் பதில் அனுப்பியதும் குறிப்புகளின் வேலை முடிகிறது. அதன்பிறகு எந்தக் கேள்விக்கும் பார்க்க வேண்டிய தாள் அந்த ஆர்டர் ஒன்றுதான்.