தொண்ணூறு பாகை எங்கிருந்து வருகிறது?

3, 4, 5 செ.மீ. பக்கங்களோடு ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். 5 செ.மீ. பக்கம் கர்ணம், அதற்கு எதிர் மூலையில் செங்கோணம். மீதமுள்ள இரண்டு கோணங்களில் சிறியதை A என்றும் பெரியதை B என்றும் அழைப்போம். A-க்கு எதிரே இருப்பது 3 செ.மீ. பக்கம். ஆகவே sin A = 3/5 = 0.6. அதே 3 செ.மீ. பக்கம் B-க்கு அடுத்துள்ள பக்கமாக அமைகிறது. ஆகவே cos B-யும் 0.6 தான்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். சைன் மதிப்பு 0.6 ஆக உள்ள கோணம் எது? கால்குலேட்டரில் sin⁻¹ அழுத்தினால் ஏறத்தாழ 36.87 பாகை என்று வரும். கொசைன் மதிப்பு 0.6 ஆக உள்ள கோணம் cos⁻¹ 0.6, அதாவது 53.13 பாகை. கூட்டிப் பாருங்கள், சரியாக 90. இங்கே மேலே ஏறி நிற்கும் −1 அடுக்குக்குறி அல்ல. 1/sin என்று அதைப் படிக்கக் கூடாது. மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்பிப் போகிறோம் என்பதற்கான அடையாளம் அது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை. செங்கோணத்தைக் கழித்தால் A-யும் B-யும் சேர்ந்து 90. ஆகவே sin⁻¹ x + cos⁻¹ x = 90°. பிளஸ் டூ கணக்கில் இதையே π/2 என்று எழுதுகிறார்கள். பலர் இதையே நிரூபணம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முக்கோணத்தின் பக்க நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது. x = −0.5 என்றால் என்ன செய்வது? படம் கைவிட்டுவிடுகிறது. ஆனால் கால்குலேட்டர் −30 என்றும் 120 என்றும் விடை தருகிறது. கூட்டினால் அப்போதும் 90 தான்.

இதைப் புரிந்துகொள்ள, திரும்பிப் போகும் பாதையில் உள்ள ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். 30 பாகையின் சைன் 0.5. 150 பாகையின் சைனும் 0.5. 390 பாகைக்கும் அதே 0.5 தான். அப்படியானால் sin⁻¹ 0.5 எந்தக் கோணம்? ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சைனுக்கு −90 முதல் 90 பாகை வரையுள்ள பகுதியைக் கணிதவாணர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்குள் சைன் −1-லிருந்து 1 வரை இடைவிடாமல் ஏறுகிறது. ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. கொசைனுக்கு அந்தப் பகுதி ஒத்துவராது, ஏனென்றால் அங்கே அது ஏறி இறங்குகிறது. அதற்கு 0 முதல் 180 வரை. அங்கே கொசைன் 1-லிருந்து −1 வரை ஒரே சீராக இறங்குகிறது. இந்த எல்லைக்குள் விழும் கோணத்துக்குத்தான் முதன்மை மதிப்பு என்று பெயர்.

இனி நிரூபணம். −1 முதல் 1 வரை ஏதாவது ஒரு x எடுத்துக்கொள்ளுங்கள். sin⁻¹ x = A என்று வைப்போம். இதற்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, sin A = x. மற்றொன்று, A −90-க்கும் 90-க்கும் இடையில் இருக்கிறது. எந்தக் கோணத்துக்கும் cos(90° − A) = sin A என்பது நமக்குத் தெரியும். ஆகவே cos(90° − A) = x. இங்கிருந்து உடனே cos⁻¹ x = 90° − A என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். கொசைன் x ஆக உள்ள கோணங்கள் எத்தனையோ உண்டு. 90° − A என்பது கொசைனின் முதன்மை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது. A-யின் மிகப் பெரிய மதிப்பு 90. அப்போது 90° − A பூஜ்யம். A-யின் மிகச் சிறிய மதிப்பு −90; அப்போது 180. ஆக 90° − A எப்போதும் 0-க்கும் 180-க்கும் இடையில்தான். இப்போது துணிந்து எழுதலாம்: cos⁻¹ x = 90° − sin⁻¹ x. தேர்வில் மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த எல்லை பார்க்கும் வரியைத்தான். என் பார்வையில் நிரூபணத்தின் உயிரே அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இதன் உடன்பிறப்பான tan⁻¹ x + cot⁻¹ x = 90° நல்ல சாட்சி. நம் பாடநூல்கள் cot⁻¹-க்கு 0-க்கும் 180-க்கும் இடைப்பட்ட பகுதியை எடுத்துக்கொள்கின்றன. x = −1 என்றால் −45 + 135 = 90; சரியாக வருகிறது. ஆனால் மேத்தமாட்டிக்கா என்ற கணித மென்பொருளில் cot⁻¹(−1) என்று கேட்டால் −45 பாகைக்குரிய மதிப்புதான் வரும், ஏனென்றால் அது cot⁻¹ x-ஐ tan⁻¹(1/x) என்றே எடுத்துக்கொள்கிறது. அங்கே கூட்டுத்தொகை −90. இரண்டு பக்கமும் கணக்கில் பிழை இல்லை. தேர்ந்தெடுத்த எல்லைதான் வேறு.

ஆகவே tan⁻¹ x + tan⁻¹(1/x) என்பது x மிகை எண்ணாக இருந்தால் 90, குறை எண்ணாக இருந்தால் −90. வகைக்கெழு தெரிந்தவர்கள் இதில் திகைப்பதுண்டு. இந்தக் கூட்டுத்தொகையின் வகைக்கெழு எங்கும் பூஜ்யம். அப்படியென்றால் அது ஒரே மாறிலியாக அல்லவா இருக்க வேண்டும்? பூஜ்யத்தில் 1/x-க்கு மதிப்பே இல்லை என்பதை மறந்தால்தான் இந்தத் திகைப்பு. எண்கோடு அங்கே இரண்டாக அறுபட்டுவிடுகிறது. வகைக்கெழு பூஜ்யமாக இருந்தால், ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே மாறிலி என்றுதான் சொல்ல முடியும். sin⁻¹ x + cos⁻¹ x-க்கு அப்படி நடுவில் அறுபடும் இடம் இல்லாததால் ஒரே 90.

எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதை tan⁻¹ 2 + tan⁻¹ 3 தெளிவாகக் காட்டும். மனப்பாடமாகத் தெரிந்த கூட்டல் சூத்திரம், இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை, ஒன்றிலிருந்து அவற்றின் பெருக்கலைக் கழித்து வரும் எண்ணால் வகுக்கச் சொல்கிறது: 5/(1 − 6) = −1. tan⁻¹(−1) என்பது −45 பாகை. ஆனால் tan⁻¹ 2-வும் tan⁻¹ 3-வும் 45-ஐத் தாண்டிய கோணங்கள். அவற்றைக் கூட்டினால் எப்படிக் குறை எண் வரும்? பெருக்கல் 1-ஐத் தாண்டியதால் கூட்டுத்தொகை 90-ஐ மீறிவிட்டது. சூத்திரமோ அதை −90-க்கும் 90-க்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

சற்று முன் பார்த்த உறவை வைத்தே இதைச் சரிசெய்யலாம். tan⁻¹ 2 = 90° − tan⁻¹(1/2). tan⁻¹ 3 = 90° − tan⁻¹(1/3). கூட்டினால், 180-லிருந்து tan⁻¹(1/2) + tan⁻¹(1/3)-ஐக் கழிக்க வேண்டும். 1/2, 1/3 இவற்றின் பெருக்கல் 1/6. ஒன்றைவிடச் சிறியது, ஆகவே சூத்திரத்தை இங்கே பயமின்றிப் போடலாம். 5/6-ஐ 5/6-ஆல் வகுத்தால் 1, கோணம் 45. விடை 180 − 45 = 135 பாகை. இதோடு tan⁻¹ 1, அதாவது 45 பாகையையும் சேர்த்தால் 180. டேஞ்சென்ட் மதிப்புகள் 1, 2, 3 ஆக இருக்கும் மூன்று கோணங்களும் சேர்ந்து ஒரு முழு முக்கோணத்தை உண்டாக்குகின்றன.